பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டம் ஆளைத் திருப்பி அனுப்புகிறது?

ஒரு இணையதளத்தில் கணக்குத் தொடங்க வருகிறவர் பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகிறார். ‘பதிவு செய்ய’ என்ற பொத்தானை அழுத்தியதே அவர்தான். அப்படி வந்தவர் மூன்றாவது கட்டத்தில் கை நின்று, கொஞ்சம் யோசித்து, பக்கத்தை மூடிவிட்டுப் போகிறார் என்றால் ஆர்வம் இல்லாமல் போய்விட்டார் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அந்த இடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். அதற்கான பதில் அங்கே இருந்திருக்காது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நம் கையில் இருப்பவை இரண்டு. கட்டத்தின் மேல் இருக்கும் பெயர், அதாவது லேபிள். அதை ஒட்டிச் சின்ன எழுத்தில் வரும் உதவிக் குறிப்பு. இரண்டுமே சில சொற்கள்தான். வடிவமைப்பை மாற்ற வேண்டியதில்லை, புதிய மென்பொருள் தேவையில்லை. ஆனாலும் படிவம் உருவாகும்போது கடைசியாக, யாரும் யோசிக்காமல் எழுதப்படுவது இவைதான். தரவுத்தளத்தில் அந்தத் தகவலுக்கு என்ன பெயரோ அதுவே லேபிளாகவும் வந்துவிடும். குறிப்பு இருக்காது, அல்லது எல்லாக் கட்டத்துக்கும் ஒன்று இருக்கும்.

ஒரு கட்டத்தின் முன்னால் நிற்பவருக்கு எழக்கூடிய கேள்விகள் மூன்று. இங்கே என்ன எழுத வேண்டும்? அதை எப்படி எழுத வேண்டும்? இதை ஏன் கேட்கிறார்கள்? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது லேபிளின் வேலை. மற்ற இரண்டில் அந்தக் கட்டத்தில் எது உண்மையில் ஆளை நிறுத்துகிறதோ, அதற்கு மட்டும் குறிப்பு பதில் சொல்ல வேண்டும். எதுவும் நிறுத்தவில்லை என்றால் குறிப்பே வேண்டாம். எல்லாக் கட்டத்தின் கீழும் ஒரு வரி இருந்தால் மக்கள் எதையுமே படிக்க மாட்டார்கள். படிக்க வேண்டிய ஒரே வரியும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

முதலில் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

இணையவழிப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஒரு தளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பதிவுப் பக்கத்தில் ஐந்து கேள்விகள், இந்த வரிசையில்: பெயர் (முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு பெட்டிகள்), மின்னஞ்சல், தொலைபேசி, பிறந்த தேதி, கடவுச்சொல். முடிவில் ‘சமர்ப்பி’ என்று ஒரு பொத்தான்.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒருவர் நுழைவதையும் வெளியேறுவதையும் பதிவு செய்யப் பெரும்பாலான பகுப்பாய்வுக் கருவிகளில் வழி உண்டு. பிரவுசரில் இவற்றுக்கு `focus`, `blur` என்று பெயர். எந்தக் கட்டம், எந்த நேரம் என்பதை மட்டும் பதிந்தால் போதும். உள்ளே என்ன எழுதினார் என்பதைப் பதியவே கூடாது. பொத்தானை அழுத்தாதவர் தன் விவரத்தை நமக்குத் தரச் சம்மதிக்கவில்லை.

இப்படிப் பார்த்ததில் கிடைத்த எண்ணிக்கை இது என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேர் முதல் கட்டத்தில் எழுதத் தொடங்கினார்கள். பெயரைத் தாண்டியவர்கள் 960 பேர். மின்னஞ்சலைத் தாண்டியவர்கள் 910. தொலைபேசியைத் தாண்டியவர்கள் 700. பிறந்த தேதியைத் தாண்டியவர்கள் 640. கடவுச்சொல்லையும் தாண்டிக் கணக்குத் தொடங்கியவர்கள் 450.

மேலோட்டமாகப் பார்த்தால் தொலைபேசிதான் பெரிய ஓட்டை. அங்கே 210 பேர் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் கட்டம்வரை வந்தவர்களில் எத்தனை பங்கு போனார்கள் என்று கணக்கிட்டால் படம் மாறும். தொலைபேசிக்கு வந்த 910 பேரில் 210 பேர், அதாவது சுமார் 23 சதவீதம். கடவுச்சொல்லுக்கு வந்த 640 பேரில் 190 பேர், சுமார் 30 சதவீதம். அதுவும் நான்கு கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தவர்கள். ஆகவே இந்தப் படிவத்தில் கவனிக்க வேண்டியவை இந்த இரண்டு கட்டங்கள்தான். மற்றவற்றைத் தொட்டால் கிடைக்கும் பலன் சிறிது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒருவர் கடைசியாகத் தொட்ட கட்டமே அவரை விரட்டிய கட்டம் என்று சொல்ல முடியாது. மின்னஞ்சலை எழுதிக்கொண்டே அடுத்த பெட்டியில் ‘தொலைபேசி *’ என்று இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடியிருக்கலாம். அதனால் ஆட்கள் குறையும் கட்டத்தோடு அதற்கு அடுத்த கட்டத்தையும் சேர்த்தே பாருங்கள். அப்புறம், பிரவுசரே பெயரையும் மின்னஞ்சலையும் ஒரே நொடியில் நிரப்பிவிடும் பழக்கம் இருப்பதால் முதல் சில கட்டங்களின் எண்ணிக்கை உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

தொலைபேசி: ‘ஏன் கேட்கிறார்கள்?’

இந்தக் கட்டத்தில் நிற்பவருக்கு என்ன எழுதுவது என்று தெரியும். எண்ணும் மனப்பாடம். அவரைத் தடுப்பது அச்சம். எண்ணைக் கொடுத்தால் விற்பனை அழைப்பு வருமா, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களா என்பதுதான். இங்கே ‘10 இலக்க எண்ணை உள்ளிடவும்’ என்று குறிப்பு எழுதினால் அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறோம்.

எழுத உட்காரும் முன் படிவத்தின் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த எண்ணை வைத்து என்ன செய்கிறீர்கள்? ‘பின்னால் உதவும் என்று வாங்கி வைக்கிறோம்’ என்பது பதிலானால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவதுதான் சரியான திருத்தம். காரணமே இல்லாத கேள்விக்கு எவ்வளவு அழகான குறிப்பு எழுதினாலும் அது காரணம் ஆகாது. இந்த இடத்தில் எழுதுகிறவர் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் மற்ற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை.

நம் பயிற்சித் தளத்தில் உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு நேரம் திடீரென்று மாறினால் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். அப்படியானால் இப்படி மாற்றலாம்.

பழையது: *தொலைபேசி \**

புதியது: *மொபைல் எண் (கட்டாயமில்லை)*
குறிப்பு: *வகுப்பு நேரம் மாறினால் குறுஞ்செய்தி அனுப்புவோம். அழைக்க மாட்டோம்.*

மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ‘தொலைபேசி’ என்பது ‘மொபைல் எண்’ ஆகிவிட்டது, ஏனென்றால் வீட்டுத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகாமல் போகலாம். நட்சத்திரக் குறி போய், கட்டாயமில்லை என்று சொல்லாகவே வந்துவிட்டது. குறிப்பு, எண் எதற்கு என்பதையும் எதற்கு இல்லை என்பதையும் சொல்கிறது.

அந்த இரண்டாவது வாக்கியத்தில் கவனமாக இருங்கள். ‘அழைக்க மாட்டோம்’ என்று எழுதினால் விற்பனைப் பிரிவு உண்மையிலேயே அழைக்கக் கூடாது. அதை உறுதிசெய்ய முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். பதிவு கூடுவதற்காகப் பொய்யான உறுதி தருவது ஏமாற்று, எழுத்துத் திறமை இல்லை.

எண் கட்டாயம் தேவைப்படும் தளங்களும் உண்டு. கணக்கைச் சரிபார்க்க ஓடிபி அனுப்புகிறார்கள் என்றால், குறிப்பு இப்படி இருக்கலாம்: *இந்த எண்ணுக்கு 6 இலக்கக் குறியீடு ஒன்று வரும். மொபைலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.* அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவர் அங்கே நிற்பதில்லை.

சரி, எண்ணின் வடிவம்? இடைவெளி விடலாமா, முன்னால் நாட்டுக் குறியீடு போட வேண்டுமா? ‘இடைவெளி இல்லாமல், கோடு இல்லாமல் எழுதவும்’ என்று குறிப்பு போடும் படிவங்கள் ஏராளம். இடைவெளியையும் கோட்டையும் நீக்குவது நிரலில் ஒரே ஒரு வரி வேலை. இயந்திரம் செய்யக்கூடியதை ஆளிடம் செய்யச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால், அதைச் செம்மைப்படுத்த முயலாமல் நிரல் எழுதுகிறவரிடம் போய் அந்தக் குறிப்பே தேவைப்படாதபடி செய்யச் சொல்லுங்கள்.

கடவுச்சொல்: ‘எப்படி எழுத வேண்டும்?’

இங்கே சிக்கல் வேறு மாதிரி. ஒருவர் ஏதோ ஒன்றை எழுதிப் பொத்தானை அழுத்துகிறார். சிவப்பில் ‘பெரிய எழுத்து ஒன்றாவது வேண்டும்’ என்று வருகிறது. மாற்றுகிறார். ‘சிறப்புக் குறியீடு வேண்டும்’ என்று வருகிறது. மூன்றாவது முறை எழுதும்போது பொறுமை போய்விடுகிறது. விதி முன்பே இருந்தது, அவருக்குச் சொல்லத்தான் இல்லை. பிழைச் செய்தியாகப் பின்னால் வரும் விதியை உதவிக் குறிப்பாக முன்னால் கொண்டுவருவதுதான் இந்தக் கட்டத்தின் முதல் திருத்தம்.

இரண்டாவது, விதிகளையே குறைப்பது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயத் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஸ்ட், 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே ‘ஒரு எண், ஒரு குறியீடு, ஒரு பெரிய எழுத்து’ என்பது போன்ற கலவை விதிகளைத் திணிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குறைந்தது 8 எழுத்து வேண்டும், 64 எழுத்துவரையாவது ஏற்க வேண்டும், வேறிடத்திலிருந்து ஒட்டுவதைத் தடுக்கக் கூடாது என்பவை அதில் இருந்தன. 2025-ல் வந்த பதிப்பு, கடவுச்சொல் ஒன்று மட்டுமே பாதுகாப்பு என்றால் 15 எழுத்தாவது வேண்டும் என்று நீளத்தைக் கூட்டியிருக்கிறது. கலவை விதிகள் கூடாது என்பதையும் இன்னும் கடுமையாகச் சொல்கிறது. பாதுகாப்புப் பிரிவினரிடம் பேசும்போது இது கையில் இருக்கட்டும். நீளம் ஒன்றே விதி என்றால் குறிப்பும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

மூன்றாவது, லேபிள். மின்னஞ்சல் கட்டத்துக்குப் பக்கத்திலேயே வெறும் ‘கடவுச்சொல்’ என்று இருந்தால், இணையத்துக்குப் புதியவர்கள் தங்கள் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. சிலர் அதையே எழுதிவிடுவார்கள், அது ஆபத்து. சிலர் ‘அதை எதற்கு உங்களிடம் சொல்ல வேண்டும்’ என்று மூடிவிடுவார்கள், அது நியாயம்.

பழையது: *கடவுச்சொல் \** / *கடவுச்சொல்லை உறுதிசெய் \**

புதியது: *இந்தத் தளத்துக்கு ஒரு புதிய கடவுச்சொல்*
குறிப்பு: *குறைந்தது 15 எழுத்து. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்தும் எழுதலாம்.*

மறுபடி எழுதச் சொல்லும் இரண்டாவது கட்டத்தை எடுத்துவிட்டு, எழுதியதைப் பார்க்க ‘காட்டு’ என்று ஒரு சின்னப் பொத்தான் வைத்தால் போதும். தப்பாக எழுதியிருக்கிறோமா என்ற சந்தேகத்துக்கு அதுவே பதில். கட்டத்தில் `autocomplete="new-password"` என்று கொடுத்துவிட்டால் பிரவுசரோ கடவுச்சொல் மேலாளரோ தானே ஒன்றை உருவாக்கித் தரும். பலர் எதையும் யோசிக்காமலே இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவார்கள்.

மற்ற மூன்று கட்டங்கள்

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத மக்கள் உலகில் நிறைய இருக்கிறார்கள். குடும்பப் பெயரை முன்னால் எழுதும் மக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இந்த இரண்டு பெட்டிகள் ஒரு புதிர். ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தால் அந்தப் புதிர் மறைந்துவிடும். நம் தளம் முடிவில் சான்றிதழ் தருகிறது என்றால், *சான்றிதழில் இப்படியே அச்சாகும்* என்று ஒரு குறிப்பு சேர்க்கலாம். இது விதி சொல்லவில்லை, விளைவைச் சொல்கிறது. அதைப் படித்தவர் புனைபெயரா, சுருக்கமா, முழுப் பெயரா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

மின்னஞ்சலுக்கு *உறுதிசெய்யும் இணைப்பை இங்கே அனுப்புவோம்* என்பது போதும்.

பிறந்த தேதியில் முதலில் கேட்க வேண்டியது, தேதியே வேண்டுமா என்பது. 18 வயது ஆகிவிட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதுமானால் அதையே கேட்கலாம். தேதியே வேண்டும் என்றால் வடிவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு கொடுங்கள், ஆனால் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ‘எ.கா. 03 04 1998’ என்றால் மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று தெரியாது. ‘எ.கா. 27 3 1998’ என்றால் 27 மாதமாக இருக்க முடியாது, அதனால் எது நாள், எது மாதம் என்று சொல்லாமலே புரிந்துவிடும். பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கான வடிவமைப்புத் தொகுப்பிலும் தேதிக்கான எடுத்துக்காட்டு இந்த மாதிரிதான் இருக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறு பெட்டிகளும் அங்கே உண்டு.

லேபிள் குழப்பினால் சேதம் வேறிடத்தில் தெரியும்

தவறான லேபிள் எப்போதும் அந்தக் கட்டத்திலேயே ஆளை நிறுத்தும் என்று சொல்ல முடியாது. இதற்கு நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. எக்ஸ்பீடியா என்ற பயண முன்பதிவுத் தளத்தில், பணம் செலுத்தும் படிவத்தில் பெயருக்கு அருகே ‘நிறுவனம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டாயமில்லாத கட்டம்தான். வாடிக்கையாளர்களில் சிலர் அதைத் தங்கள் கார்டு வழங்கிய வங்கி என்று புரிந்துகொண்டு வங்கியின் பெயரை எழுதினார்கள். அப்படி எழுதியவர்கள் அடுத்து வந்த முகவரிக் கட்டத்தில் வங்கியின் முகவரியை எழுதினார்கள். கார்டின் முகவரிச் சரிபார்ப்பு தோற்றது, பரிவர்த்தனை நின்றது. அந்தக் கட்டத்தை எடுத்த பிறகு ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் கூடுதல் லாபம் கிடைத்ததாக 2010-ல் அந்த நிறுவனத்தின் தரப்பே சொன்னது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் கோளாறு பணம் செலுத்தும் இடத்தில் என்றே தோன்றியிருக்கும். உண்மையான இடம் அதற்கு முன்னால் இருந்த ஒரே ஒரு சொல். மக்கள் உண்மையில் என்ன எழுதி அனுப்பினார்கள் என்பதைப் படித்தால்தான் இது தெரியவரும். முழுமையாகச் சமர்ப்பிக்கப்பட்ட படிவங்களில் ஐம்பதை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மின்னஞ்சல், கடைசிப் பெயரில் ஒரு புள்ளி மட்டும், தொலைபேசியில் 9999999999 என்றெல்லாம் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு தகவல். புள்ளி வைத்தவர் ‘எனக்கு அப்படி ஒரு பெயர் இல்லை’ என்கிறார். ஒன்பதுகளை எழுதியவர் ‘காரணம் சொல்லாமல் தர மாட்டேன்’ என்கிறார்.

சொற்கள் எங்கே நிற்க வேண்டும்

நல்ல குறிப்பை எழுதிவிட்டு அதைக் கட்டத்துக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் வைத்துவிடுவது மிகப் பரவலான பழக்கம். இதற்குப் பெயர் பிளேஸ்ஹோல்டர். பக்கம் சுத்தமாகத் தெரிகிறது என்பதற்காக லேபிளையே எடுத்துவிட்டு இதை மட்டும் வைக்கிறவர்களும் உண்டு. ஒரு எழுத்தை அடித்த உடனே அது மறைந்துவிடும். விதியைப் பாதியில் மறந்தவர் எழுதியதை எல்லாம் அழித்தால்தான் மறுபடி பார்க்க முடியும். அனுப்பும் முன் ஒரு முறை சரிபார்க்கிறவருக்குப் பெயர் இல்லாத பெட்டிகள்தான் தெரியும். சிலர் அதை ஏற்கெனவே நிரப்பப்பட்ட விவரம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். வெளிர் சாம்பல் எழுத்து பல நேரம் படிக்கவும் முடியாது. இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கின்றன, பிளேஸ்ஹோல்டருக்கும் சேர்த்துத்தான்.

லேபிள் கட்டத்துக்கு மேலே எப்போதும் தெரியும்படி இருக்கட்டும். குறிப்பை லேபிளுக்கும் கட்டத்துக்கும் நடுவில் வையுங்கள். கட்டத்துக்குக் கீழே வைத்தால் மொபைலில் விசைப்பலகையோ, பிரவுசர் காட்டும் பரிந்துரைப் பட்டியலோ, சரியாக எழுதத் தொடங்கும் நேரத்தில் அதை மூடிவிடும்.

திரையைப் பார்க்காமல் கேட்டுப் படிக்கிறவர்களுக்கும் அந்தக் குறிப்பு போய்ச் சேர வேண்டும். அதற்கு இவ்வளவு போதும்:

```html
<label for="tel">மொபைல் எண் (கட்டாயமில்லை)</label>
<p id="tel-hint">வகுப்பு நேரம் மாறினால் குறுஞ்செய்தி
அனுப்புவோம். அழைக்க மாட்டோம்.</p>
<input id="tel" type="tel" autocomplete="tel"
       aria-describedby="tel-hint">
```

`for` என்பது லேபிளைக் கட்டத்தோடு கட்டுகிறது. லேபிளைத் தொட்டாலே கட்டம் திறக்கும் என்பது அதில் வரும் கூடுதல் வசதி. `aria-describedby` குறிப்பைக் கட்டத்தோடு கட்டுகிறது. திரைவாசிப்பான் லேபிளைப் படித்த பின் குறிப்பையும் முழுக்கப் படித்துவிடும். அதனால்தான் குறிப்பு ஒன்றிரண்டு வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குள் இணைப்பு எதையும் வைக்கக் கூடாது. அது இணைப்பு என்று திரைவாசிப்பான் சொல்லாமல், வெறும் எழுத்தாகவே படித்துவிட்டுப் போகும். `type="tel"` என்று கொடுத்தால் மொபைலில் எண் விசைப்பலகை திறக்கும். ‘எண்கள் மட்டும்’ என்று எழுதும் தேவையும் அதோடு பெரும்பாலும் போய்விடும்.

பிழைச் செய்தி

குறிப்பைப் படிக்காமல் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு அதே தகவல் பிழைச் செய்தியாக வரும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களில் எழுதிவிடுவது நல்லது. லேபிள் ‘மொபைல் எண்’ என்று சொல்ல, பிழைச் செய்தி ‘தொடர்பு எண் செல்லாது’ என்று சொன்னால் எந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஆள் தேட வேண்டியிருக்கும். ‘தவறான உள்ளீடு’ என்பதில் எந்தத் தகவலும் இல்லை. *மின்னஞ்சல் முகவரியில் @ விடுபட்டிருக்கிறது* என்பதில் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சிவப்பைக் காட்டாதீர்கள், கட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு காட்டுங்கள். இரண்டு எழுத்து அடித்த உடனே ‘முகவரி தவறு’ என்றால் அது முடிக்காத வாக்கியத்தின் நடுவே குறுக்கிடுவது.

கடைசிப் பொத்தானில் ‘சமர்ப்பி’ என்பதற்குப் பதில் *கணக்கைத் தொடங்கு* என்று எழுதிவிடுங்கள். அழுத்தினால் என்ன நடக்கும் என்று அது சொல்லிவிடும்.

மாற்றம் உதவியதா என்று எப்படித் தெரியும்?

பழைய படிவத்தைப் பாதிப் பேருக்கும் புதியதைப் பாதிப் பேருக்கும் ஒரே காலத்தில் காட்டி ஒப்பிடுவது நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஆட்கள் வேண்டும். நம் படிவத்தை முடிக்கிறவர்கள் 45 சதவீதம். அது 50 ஆக உயர்ந்தால் அந்த உயர்வு தற்செயல் இல்லை என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி ஒவ்வொரு படிவத்துக்கும் ஏறத்தாழ 1,550 பேர் தேவை. இரண்டுக்கும் சேர்த்து 3,100 பேர். மாதத்துக்கு 300 பேர் வரும் தளத்தில் இதைச் செய்ய பத்து மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு ‘8 சதவீதம் கூடியது’ என்று சொல்கிற அறிக்கைகளை நம்பாதீர்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த 8 அடுத்த வாரமே காணாமல் போகும்.

சிறிய தளத்துக்கு வேறு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். படிவத்தை முன்பு பார்த்திராத ஐந்தாறு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, அவர்கள் மொபைலிலேயே நிரப்பச் சொல்லுங்கள். உதவி செய்யாதீர்கள். விரல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு, நின்ற கட்டத்தைக் காட்டி ‘இங்கே என்ன யோசித்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘இந்தக் குறிப்பு நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அதில் பயனில்லை. அவர்கள் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘எண்ணைக் கொடுத்தால் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்களோன்னு நினைச்சேன்’ என்று ஒருவர் சொன்னால் உங்கள் குறிப்பின் பாதி எழுதப்பட்டுவிட்டது.

எந்த வழியில் சோதித்தாலும், படிவத்தை முடித்தவர்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் அடுத்த படியையும் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்து கணக்கை உறுதிசெய்தவர்கள் எத்தனை பேர்? திரும்பி வந்த மின்னஞ்சல்கள் எத்தனை? பதிவு 450-லிருந்து 520 ஆகி, உறுதிசெய்தவர்கள் பழையபடி 400-லேயே நின்றால், கூடுதலாக வந்த 70 பேர் கணக்குகள் வெறும் எண்ணிக்கைதான். அப்போது மின்னஞ்சல் கட்டத்துக்குத் திரும்பிப் போய், அங்கே எழுதப்பட்ட முகவரிகளைப் படிக்கத் தொடங்க வேண்டும். எழுத்துப் பிழை மிகுந்திருந்தால் *இந்த முகவரிக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறோம்* என்று அடுத்த திரையில் முகவரியையே காட்டி, பக்கத்தில் *மாற்ற* என்று ஒரு வழி வைக்கலாம். வேண்டுமென்றே போட்ட போலி முகவரிகள் மிகுந்திருந்தால், மின்னஞ்சல் எதற்கு என்று நாம் சொன்ன காரணம் அவர்களுக்குப் போதவில்லை. அந்த ஒரு வரியைத்தான் மறுபடி எழுத வேண்டும்.